வீடியோ பதிவு பாதியில் நிற்பது ஏன்? சூடு ஒரு கணக்கு, கோப்பின் அளவு வேறு கணக்கு

ஒரு மணி நேர நிகழ்ச்சி. போனை ஸ்டாண்டில் பொருத்தி, பதிவை ஆரம்பித்துவிட்டு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். வந்து பார்த்தால் பதிவு பன்னிரண்டாவது நிமிடத்திலேயே நின்றிருக்கிறது. மெமரியில் இன்னும் 60 ஜிபி காலியாக இருக்கிறது, பேட்டரியும் பாதிக்கு மேல் மிச்சம். உடனே எல்லோரும் சொல்வது "போன் பழுது" என்பதுதான். பெரும்பாலும் பழுது ஒன்றும் இல்லை. போன் வேண்டுமென்றேதான் நிறுத்துகிறது, அதற்கு முக்கியமாக இரண்டு காரணங்கள் உண்டு: ஒன்று கோப்பின் அளவு, இன்னொன்று சூடு. இரண்டுக்கும் அறிகுறி வேறு, தீர்வும் வேறு. 4 ஜிபி எல்லையில் நிற்கிற போனுக்கு விசிறி வைத்துப் பயனில்லை, சூட்டில் நிற்கிற போனுக்குப் புது மெமரி கார்டு வாங்கிப் போட்டும் பயனில்லை.

## முதலில் பிட்ரேட்

வீடியோவின் ஒரு வினாடியைச் சேமிக்க எத்தனை பிட் செலவாகிறது என்பதுதான் பிட்ரேட். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட், அதனால் பிட்ரேட்டை எட்டால் வகுத்தால் ஒரு வினாடிக்குக் கோப்பு எவ்வளவு வளர்கிறது என்று தெரிந்துவிடும்.

பல ஆண்ட்ராய்டு போன்களில் 1080p, வினாடிக்கு 30 ஃபிரேம் என்றால் பிட்ரேட் 17 மெகாபிட் அளவில் இருக்கும். 4K, 30 ஃபிரேம் என்றால் 48 மெகாபிட், அதாவது வினாடிக்கு 60 லட்சம் பைட். மாடலுக்கு மாடல் இது கூடும், குறையும். உங்கள் போனின் எண் வேண்டுமானால் ஏற்கெனவே எடுத்த ஒரு வீடியோவின் அளவை அதன் வினாடிகளால் வகுத்துப் பாருங்கள், அது போதும்.

## 4 ஜிபி எல்லை எங்கிருந்து வந்தது

மெமரி கார்டில் கோப்புகளை எப்படி அடுக்குவது, எது எங்கே இருக்கிறது என்று எப்படிக் குறித்து வைப்பது என்பதற்கான ஏற்பாட்டைக் கோப்பு முறைமை என்பார்கள். FAT32 அப்படி ஒன்று, பழையது, ஆனால் ஏறக்குறைய எல்லாக் கருவிகளும் படிக்கக்கூடியது. 32 ஜிபி வரையிலான கார்டுகள் வழக்கமாக இதில்தான் வருகின்றன. இந்த முறையில் ஒவ்வொரு கோப்பின் அளவையும் எழுதி வைக்க 32 பிட் இடம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். 32 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4294967295, சுமாராக 429.5 கோடி. அதைவிட ஒரு பைட் பெரிய கோப்பு இருந்தால்கூட அதன் அளவை எழுத இடம் கிடையாது. கார்டில் எவ்வளவு காலியாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை, ஏனென்றால் இது ஒரு தனிக் கோப்புக்கான எல்லை.

இப்போது 4K கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 429.5 கோடியை 60 லட்சத்தால் வகுத்தால் 716 வினாடி வரும், அதாவது 11 நிமிடம் 56 வினாடி. பன்னிரண்டாவது நிமிடத்தில் நின்ற பதிவுக்குக் காரணம் இதுதான். 1080p-இல் அதே கணக்கு 33 நிமிடத்தைத் தாண்டும். அதனால்தான் "சாதாரண வீடியோ என்றால் அரை மணி நேரம் ஓடுகிறது, 4K என்றால் மட்டும் நின்றுவிடுகிறது" என்று பலர் சொல்கிறார்கள். உண்மையில் இரண்டுமே நிற்கின்றன, ஒன்று சீக்கிரம் நிற்கிறது, அவ்வளவே.

சரியாக அந்த எண்ணில்தான் நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். MP4 கோப்பில் படமும் ஒலியும் ஒரு பகுதியாகவும், எந்த ஃபிரேம் கோப்பில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை `moov` என்ற இன்னொரு பகுதியாகவும் இருக்கும். போன்கள் பொதுவாக இந்த அட்டவணையைக் கடைசியில், பதிவு முடிந்த பிறகுதான் எழுதும். அதற்கும் சேர்த்து இடம் விட வேண்டியிருப்பதால் ஆப் கொஞ்சம் முன்னதாகவே நிறுத்திவிடும்.

### கார்டே இல்லாத போனிலும் ஏன்?

இது நல்ல கேள்வி. போனின் உள் மெமரி பெரும்பாலும் ext4 அல்லது F2FS முறையில் இருக்கும், அவற்றில் 4 ஜிபி என்பது ஒரு பொருட்டே இல்லை. இருந்தும் எல்லை தொடர்கிறது. காரணம், அது கோப்பு முறைமையில் மட்டும் இல்லை, வீடியோவை எழுதும் மென்பொருளுக்குள்ளும் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் MP4 கோப்பை எழுதும் பகுதியின் மூல நிரலில் `kMax32BitFileSize` என்றே ஒரு மாறிலி உண்டு, அதன் மதிப்பு இதே 4294967295. பக்கத்திலேயே, பெரும்பாலான எஸ்டி கார்டுகள் FAT32 என்பதால் இந்த எல்லை என்று குறிப்பும் எழுதியிருக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு: `moov` அட்டவணையில் ஃபிரேம்களின் இடத்தை 32 பிட் எண்களால் குறித்தால் (`stco`) 4 ஜிபிக்கு அப்பால் இருக்கும் ஃபிரேமைச் சுட்டிக்காட்ட வழியில்லை. 64 பிட் வடிவமும் (`co64`) தரத்தில் இருக்கிறது, ஆனால் பழைய டிவியும் பழைய பிளேயரும் அதைப் படிக்குமா என்ற பயத்தில் சில தயாரிப்பாளர்கள் அந்தப் பக்கம் போகவே இல்லை. என் கருத்தில் இன்றைக்கு இந்தப் பயத்துக்கு அவ்வளவாக நியாயம் இல்லை.

### நல்ல ஆப் என்ன செய்யும்

நிறுத்தாது, அடுத்த கோப்புக்குத் தாவும். ஆண்ட்ராய்டு 8.0 முதல் இதற்கு நேரடி வசதி இருக்கிறது: எல்லையில் 90 விழுக்காட்டைத் தொட்டதும் பதிவுக் கருவி ஆப்புக்கு ஒரு எச்சரிக்கை அனுப்பும், ஆப் அடுத்த கோப்பைத் தயாராக வைத்தால் முதல் கோப்பு நிரம்பியதும் பதிவு தானாக அதற்குப் போய்விடும். கேலரியில் வரிசை எண்ணோடு இரண்டு மூன்று துண்டுகளாக வீடியோ இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது, எதையும் நீங்கள் இழக்கவில்லை. கணினியில் அந்தத் துண்டுகளின் பெயர்களை `list.txt` என்ற கோப்பில் இப்படி வரிசையாக எழுதுங்கள்:

```
file 'VID_1.mp4'
file 'VID_2.mp4'
```

பிறகு `ffmpeg` என்ற இலவச மென்பொருளில் இந்தக் கட்டளை:

```
ffmpeg -f concat -safe 0 -i list.txt -c copy out.mp4
```

`-c copy` என்பதால் படத்தை மறுபடி அமுக்காது, அப்படியே ஒட்டும். தரம் குறையாது, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் ஒட்டிய கோப்பு 4 ஜிபியைத் தாண்டும் என்பதால் அதை FAT32 பென் டிரைவில் போட முடியாது.

கார்டில்தான் பதிவு செய்தாக வேண்டும் என்றால் அதை 4 ஜிபி எல்லை இல்லாத exFAT முறையில் ஃபார்மட் செய்யலாம். 64 ஜிபி முதல் மேலே உள்ள கார்டுகள் பெரும்பாலும் அப்படியே வருகின்றன. ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இன்னொரு வழி, அமைப்புகளில் HEVC அல்லது H.265 என்ற அமுக்கும் முறை இருந்தால் அதைத் தேர்வு செய்வது. கிட்டத்தட்ட அதே தரத்துக்குக் கணிசமாகக் குறைந்த பிட்ரேட் போதும், எனவே அதே 4 ஜிபிக்குள் நேரம் கூடும்.

## 29 நிமிடம் 59 வினாடி

இந்த எண்ணைப் பலர் போனோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அது கேமராக்களின் கதை. ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க விதிப்படி, குறிப்பிட்ட தரத்துக்கு மேல் 30 நிமிடமோ அதற்கு மேலோ தொடர்ந்து பதிவு செய்கிற கேமராவை வீடியோ கேமரா வகையில் சேர்த்து அதற்கு வரி போட்டார்கள், புகைப்படக் கேமராவுக்கு அந்த வரி இல்லை. வரியிலிருந்து தப்பிக்க கேமரா நிறுவனங்கள் ஒரு வினாடி முன்பே நிறுத்தின. போன் சுங்கக் கணக்கில் தொலைபேசி என்ற வேறு தலைப்பில் வருவதால் இந்த விதி அதைத் தொடவே இல்லை. உங்கள் போன் சரியாக அரை மணியில் நின்றால் அது அந்த ஆப்பில் எழுதியிருக்கும் நேர வரம்பு, வேறு ஆப்பில் முயன்று பார்த்தால் தெரிந்துவிடும்.

## சூடு: இங்கேதான் விஷயம் அதிகம்

வீடியோ எடுக்கும்போது போனில் எதெல்லாம் ஓடுகிறது என்று பாருங்கள். சென்சார் வினாடிக்கு 30 அல்லது 60 முறை முழுப் படத்தைக் கொடுக்கிறது. படச் செயலி அதன் நிறத்தையும் இரைச்சலையும் சரி செய்கிறது, ஆட்டத்தைக் குறைக்க ஒவ்வொரு ஃபிரேமும் வளைத்து நகர்த்தப்படுகிறது, அப்புறம் என்கோடர் அதை அமுக்குகிறது, மெமரியில் எழுதுகிறது. இத்தனைக்கும் நடுவே திரை முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருக்கிறது. 1080p-இல் ஒரு ஃபிரேமுக்கு சுமார் 20 லட்சம் பிக்சல், 4K-இல் சுமார் 83 லட்சம். ஃபிரேமையும் 30-இலிருந்து 60 ஆக்கினால் வேலை மொத்தம் எட்டு மடங்கு. மின்சாரம் அப்படியே எட்டு மடங்கு ஆகாது, ஆனாலும் நன்றாகவே ஏறும்.

செலவாகும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் சூடாகத்தான் மாறும். போனில் விசிறி இல்லை (விளையாட்டுக்கென்றே வரும் சில மாடல்களைத் தவிர), சூடு வெளியேற ஒரே வழி மேற்பரப்பு. அடியில் சின்ன ஓட்டை உள்ள தொட்டியில் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி: வரத்து ஓட்டையைவிட வேகமாக இருந்தால் மட்டம் ஏறிக்கொண்டே போகும், எவ்வளவு நேரத்தில் விளிம்பைத் தொடும் என்பதுதான் கேள்வி.

### ஒரு தோராயக் கணக்கு

200 கிராம் எடையுள்ள, 16 செ.மீ நீளமும் 7.5 செ.மீ அகலமும் உள்ள ஒரு போனை எடுத்துக்கொள்வோம். 4K 60 ஃபிரேமில் அது மொத்தம் 5 வாட் செலவழிக்கிறது, மேற்பரப்பு 45 டிகிரியைத் தொட்டால் பதிவை நிறுத்திவிடும் என்று வைத்துக்கொள்வோம். உண்மையான எண்கள் மாடலுக்கு மாடல் வேறுபடும், ஆனால் கணக்கின் போக்கு இதுதான்.

1. முன்பக்கமும் பின்பக்கமும் சேர்ந்து பரப்பு 0.024 சதுர மீட்டர். காற்றோட்டம் இல்லாத இடத்தில் ஒரு சதுர மீட்டர், ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 10 வாட் சூட்டை வெளியே விடும். ஆகவே இந்தப் போன் சுற்றுப்புறத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாக இருந்தால் 0.24 வாட் வெளியேறும். 5 வாட்டும் வெளியேற வேண்டுமானால் போன் சுற்றுப்புறத்தைவிட ஏறத்தாழ 21 டிகிரி சூடாக இருக்க வேண்டும்.

2. அறை 25 டிகிரி என்றால் போன் கடைசியில் 46 டிகிரியில் போய் நிற்கும். 45-ஐத் தொடுவதற்குச் சுமார் 40 நிமிடம் ஆகும், ஏனென்றால் கடைசி சில டிகிரிகள் மிக மெதுவாகத்தான் ஏறும். பலர் இதற்கு முன்பே பதிவை முடித்துவிடுவார்கள், பிரச்சினை இருப்பதே தெரியாது.

3. சுற்றுப்புறம் 38 டிகிரி என்றால் அதே போன் 59 டிகிரியை நோக்கிப் போகும். 38-இலிருந்து 45-ஐத் தொட ஐந்து நிமிடம் போதும்.

4. அதே 38 டிகிரியில் 1080p 30 ஃபிரேமுக்கு மாறி செலவை 2.5 வாட்டாகக் குறைத்தால் 14 நிமிடம் வரை ஓடும். திரை வெளிச்சத்தையும் குறைத்து 2 வாட்டுக்குக் கொண்டுவந்தால் 20 நிமிடத்துக்கு மேலேயே.

அதே போன், அதே அமைப்பு, ஒரு இடத்தில் 40 நிமிடம், இன்னொரு இடத்தில் 5 நிமிடம். 13 டிகிரி வித்தியாசத்துக்கு நேரம் எட்டில் ஒரு பங்காகிறது. "நேற்று நன்றாக ஓடியது, இன்று நின்றுவிட்டது" என்ற புகாரின் விளக்கம் இதுதான்.

வெயிலை இன்னும் சேர்க்கவே இல்லை. உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட் கொடுக்கும். போனின் ஒரு பக்கப் பரப்பு 0.012 சதுர மீட்டர், அதில் நேராக விழுவது 12 வாட். பாதியைத்தான் போன் உறிஞ்சுகிறது என்றாலும் 6 வாட், கேமரா, திரை, செயலி எல்லாம் சேர்ந்து உண்டாக்குவதைவிட இது அதிகம். வெயிலில் என்ன அமைப்பை மாற்றினாலும் நிழல் தருகிற அளவுக்குப் பயன் தராது.

### 45 டிகிரியில் ஏன் நிறுத்த வேண்டும்? சிப் 90 வரை தாங்குமே

தாங்கும். இங்கே காப்பாற்றப்படுவது சிப் இல்லை, கையும் பேட்டரியும். நாற்பதுகளின் நடுவில் இருக்கும் ஒரு பொருளைத் தொடர்ந்து பிடித்திருப்பது தோலுக்கு நல்லதில்லை. லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்வதைப் பொதுவாக அனுமதிப்பதில்லை, அந்தச் சூட்டில் வைத்திருந்தால் அதன் ஆயுளும் வேகமாகக் குறையும். கூடவே, சென்சார் சூடாகச் சூடாக இருட்டான பகுதிகளில் புள்ளி புள்ளியாக இரைச்சல் கூடும், எனவே படத்தின் தரமும் விழுகிறது.

ஆண்ட்ராய்டு 10 முதல் சூட்டின் நிலை 0 முதல் 6 வரை ஏழு படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, 6 என்றால் போன் அணையப் போகிறது என்று பொருள். போனில் USB debugging-ஐ இயக்கி, `adb` கருவி உள்ள கணினியில் இணைத்து இதை அடித்துப் பார்க்கலாம்:

```
adb shell dumpsys thermalservice
```

`Thermal Status` என்ற வரியில் எந்தப் படி என்று இருக்கும். கீழே பல வெப்பநிலைகள் வரும், அவற்றில் `mType=3` என்று இருப்பது மேற்பரப்பு வெப்பநிலை. பெரும்பாலும் பதிவின் தலைவிதியைத் தீர்மானிப்பது அதுதான்.

சில நிறுவனங்கள் வெப்பமானிக்காகக் காத்திருப்பதே இல்லை. கடிகாரத்தை வைத்துவிடுகின்றன. கேலக்சி எஸ்9 வந்தபோது 4K 60 ஃபிரேமுக்கு 5 நிமிடம், 30 ஃபிரேமுக்கு 10 நிமிடம் என்று வரம்பு இருந்தது. குளிர்ந்த அறையிலும் அதே ஐந்து நிமிடம்தான். மோசமான சூழலுக்குப் போட்ட கணக்கை எல்லோர் தலையிலும் கட்டுவது இது. பயன்படுத்துபவருக்கு எரிச்சல்தான், ஆனால் எப்போது நிற்கும் என்றாவது முன்கூட்டியே தெரியும்.

## உங்கள் போனில் எது காரணம்?

1. நின்ற வீடியோவின் நேரத்தைப் பாருங்கள். 5:00, 10:00, 30:00 என்று முழு எண்ணாக இருந்தால் ஆப்பின் நேர வரம்பு.

2. நேரம் ஒழுங்கில்லாமல் இருந்தால் கோப்பின் அளவைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் 4 ஜிபியை ஒட்டி நின்றால் கோப்பு எல்லை. சில கோப்பு மேலாளர்கள் ஒரு ஜிபியை 100 கோடி பைட் என்று கணக்கிடும், அவற்றில் இது 4.29 ஜிபி வரை காட்டும், குழம்ப வேண்டாம்.

3. நேரமும் அளவும் தடவைக்குத் தடவை மாறினால், குறிப்பாக மதியத்தில் குறைந்து இரவில் கூடினால், சூடு. நிற்பதற்கு முன்பே திரை மங்கும், ஃபிளாஷ் வேலை செய்யாது, பிரிவ்யூ தடுமாறும். நின்றவுடன் மீண்டும் ஆரம்பித்தால் முதல் தடவையைவிட மிகச் சீக்கிரம் நிற்கும். கோப்பு எல்லையில் நின்றது என்றால் உடனே ஆரம்பித்தாலும் அதே நேரம் ஓடும். இந்த ஒரு சோதனையே பெரும்பாலும் போதும்.

4. சில வினாடிகளிலேயே நின்றால் இரண்டும் இல்லை. கார்டின் எழுதும் வேகம் போதவில்லை, அல்லது கார்டு போலி.

## சூடுதான் என்றால்

முதலில் நிழல். அடுத்து ஃபிரேம் எண்ணிக்கை: 60-ஐ 30 ஆக்குவது பெரும்பாலான காட்சிகளில் கண்ணுக்கே தெரியாது. அடுத்து திரை வெளிச்சம். கவர் போட்டிருந்தால் கழற்றுங்கள், மேலே கணக்கில் பார்த்த பரப்பைத்தான் அது போர்த்தி வைத்திருக்கிறது. சின்ன மேசை விசிறியின் காற்று பட்டால் அந்தச் சதுர மீட்டருக்கு 10 வாட் என்ற எண் இரண்டு மடங்குக்கு மேல் ஏறும், ஸ்டாண்டில் வைத்து நீண்ட நேரம் எடுக்கிறவர்களுக்கு இதைவிட மலிவான தீர்வு கிடையாது. சத்தம் மைக்கில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

சார்ஜரைச் செருகியபடி எடுப்பதைத் தவிர்க்கப் பாருங்கள். 10 வாட்டில் சார்ஜ் ஏறும்போது ஒரு வாட் போலச் சூடாக வீணாகும், ஒயர்லெஸ் சார்ஜ் என்றால் இன்னும் கூடுதல்.

பிரதானமான இன்னொன்று: அணையும் வரை விடாதீர்கள். ஆப் தானாக நிறுத்தினால் `moov` அட்டவணையை எழுதிக் கோப்பை முறையாக மூடிவிடும். போனே சட்டென்று அணைந்துவிட்டால் அட்டவணை எழுதப்படாது, 3 ஜிபி வீடியோ கோப்பு இருக்கும், எந்தப் பிளேயரிலும் திறக்காது. அப்படி ஆகிவிட்டால் அழித்துவிடாதீர்கள். `untrunc` என்ற இலவச மென்பொருளுக்கு அந்தக் கோப்போடு, அதே போனில் அதே அமைப்பில் எடுத்த ஒரு நல்ல வீடியோவையும் கொடுத்தால் பல சமயம் அட்டவணையை மறுபடி கட்டிக் கொடுத்துவிடும்.

நின்ற பிறகு ஆற வைக்க 25 டிகிரி அறையில்கூடப் பத்து நிமிடம் போல ஆகும், அவசரப்பட்டு ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம். அங்கிருந்து வெளியே எடுத்ததும் குளிர்ந்த கண்ணாடியில் காற்றின் ஈரம் படியும், லென்சுக்கு உட்பக்கம் படிந்தால் அதைத் துடைக்க வழியில்லை.